சர்ஜ் கோட்டை எந்த அச்சில் வரைவது: நான்கு வழிகளும் ஒரு கணக்கும்

ஒரு ஆலையில் பார்த்த காட்சியிலிருந்து தொடங்குகிறேன். டர்பைனில் ஓடும் சென்ட்ரிஃப்யூகல் கம்ப்ரஸர். கண்ட்ரோல் ரூம் திரையில் கம்ப்ரஸர் மேப், அதில் சிவப்பாகச் சர்ஜ் கோடு, அதற்கு வலப்பக்கம் ஆபரேட்டிங் புள்ளி. புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தது. ஆன்டி-சர்ஜ் வால்வு முழுக்க மூடியிருந்தது. அந்த நிலையிலேயே இயந்திரம் சர்ஜுக்குள் போனது. தரை அதிர்ந்தது, செக் வால்வு படபடவென அடித்தது, சில நொடிகளில் அதிர்வு அளவீடு டிரிப் கொடுத்து நிறுத்திவிட்டது. வால்வில் கோளாறு என்று பிரித்துப் பார்த்தார்கள். வால்வு நன்றாக இருந்தது. டிரான்ஸ்மிட்டர்களும் சரி. தப்பு கோட்டில் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், கோடு சரி, அது வரையப்பட்ட அச்சு தப்பு.

ஆன்டி-சர்ஜ் கண்ட்ரோலை வடிவமைக்கும்போது வால்வின் அளவு, வேகம், டியூனிங் பற்றியெல்லாம் நிறையப் பேசுவார்கள். கோட்டை எந்த இரண்டு அளவீடுகளுக்கு நடுவே வரைவது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எவரும் கேட்காமலே முடிவாகிவிடும். கம்ப்ரஸர் தயாரிப்பாளர் கொடுத்த மேப்பை அப்படியே எடுத்துத் திரையில் போட்டுவிடுவார்கள். இந்த ஒரு முடிவுக்கு என்னென்ன வழிகள் உண்டு, எது எங்கே கைவிடும் என்பதை ஒரே உதாரண இயந்திரத்தை வைத்துப் பார்க்கலாம்.

சர்ஜ் என்றால் என்ன என்பதை ஒரு பத்தியில் முடித்துக்கொள்வோம். கம்ப்ரஸர் வழியே போகும் கன அளவு குறையக் குறைய, அது தரக்கூடிய ஹெட், அதாவது ஒவ்வொரு கிலோ வாயுவுக்கும் அது கொடுக்கும் ஆற்றல், ஓர் உச்சத்தைத் தொடும். அதற்கும் கீழே ஓட்டம் குறைந்தால், டிஸ்சார்ஜ் பக்கம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் அழுத்தத்தைத் தாங்கும் திறன் இம்பெல்லருக்கு இருக்காது. வாயு பின்னோக்கிப் பாயும். டிஸ்சார்ஜ் அழுத்தம் இறங்கியதும் மறுபடி முன்னோக்கி ஓடும், மறுபடி தோற்கும். முதல் சரிவு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள்கூட முடிந்துவிடும். முழுச் சுழற்சி ஒரு நொடி, இரண்டு நொடி என்று தொடரும். ஒவ்வொரு வேகத்துக்கும் இந்த உச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த உச்சங்களை இணைத்தால் சர்ஜ் கோடு. அதற்கு வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி வரைவது கண்ட்ரோல் கோடு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் மார்ஜின். புள்ளி கண்ட்ரோல் கோட்டைத் தொட்டதும் ஆன்டி-சர்ஜ் வால்வு திறந்து, டிஸ்சார்ஜ் வாயுவில் ஒரு பகுதியைச் சக்ஷனுக்குத் திருப்பிவிடும். கம்ப்ரஸரைப் பொறுத்தவரை அதன் வழியே போதுமான ஓட்டம் இருக்கும்.

உதாரண இயந்திரம்

சக்ஷன் அழுத்தம் 20 பார், டிஸ்சார்ஜ் 50 பார். இந்தக் கட்டுரையில் எல்லா அழுத்தமும் அப்சல்யூட். வாயுவின் மூலக்கூறு எடை 20. 100% வேகத்தில் சர்ஜ் மணிக்கு 6000 கனமீட்டர் ஓட்டத்தில் நிகழ்கிறது, அங்கே அழுத்த விகிதம் 2.5. சக்ஷன் குழாயில் ஓட்டத்தை அளக்க ஓர் ஓரிஃபிஸ் தகடு இருக்கிறது. இந்தப் புள்ளியில் அதன் குறுக்கே 100 மில்லிபார் அழுத்த வேறுபாடு.

80% வேகத்துக்கு ஃபேன் விதிகளைப் பயன்படுத்துவோம்: ஓட்டம் வேகத்தின் விகிதத்திலும், ஹெட் அதன் வர்க்கத்திலும் மாறும். சர்ஜ் ஓட்டம் 4800 கனமீட்டர், ஹெட் 64%. பாலிட்ரோபிக் சமன்பாட்டில் போட்டால் அழுத்த விகிதம் சுமார் 1.84 வருகிறது, அதாவது டிஸ்சார்ஜ் 36.9 பார். ஓரிஃபிஸில் 64 மில்லிபார். நிஜ இயந்திரம் ஃபேன் விதிகளை இவ்வளவு அழகாகப் பின்பற்றாது. ஆனால் நான்கு வழிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைக் காட்ட இது போதும்.

மார்ஜின் எல்லா வழிக்கும் ஓட்டத்தில் 10%. இங்கேயே ஓர் எச்சரிக்கை. ஓட்டத்தில் 10% என்றால் ஓரிஃபிஸ் வேறுபாட்டில் 21%. கண்ட்ரோலரில் மார்ஜின் எதன் விழுக்காடாகக் கேட்கிறது என்று பார்க்காமல் 10 என்று போட்டுவிட்டு, உண்மையில் ஓட்டத்தில் 5% கூட இல்லாத மார்ஜினில் வருடக்கணக்காக ஓடிய இயந்திரங்கள் உண்டு.

முதல் வழி: நிலையான குறைந்தபட்ச ஓட்டம்

மேப்பே வேண்டாம். எந்த வேகத்தில் ஓடினாலும் 6600 கனமீட்டருக்குக் கீழே போகவிடாதே என்று ஒரு சாதாரண ஃப்ளோ கண்ட்ரோலர் போடுவது. மிக எளிது, எவருக்கும் புரியும்.

வேகம் மாறும் இயந்திரத்தில் இதன் விலை உடனே தெரிந்துவிடும். 80% வேகத்தில் ஓடுகிறது, ஆலைக்கு 5500 கனமீட்டர் தேவை என்று வைப்போம். அந்த வேகத்தின் உண்மையான கண்ட்ரோல் எல்லை 5280தான், ரீசைக்கிளே தேவையில்லை. ஆனால் இந்தக் கண்ட்ரோலர் 1100 கனமீட்டரைச் சுற்றிவிட்டு 6600ஐப் பிடித்து வைக்கும். கம்ப்ரஸர் அழுத்தும் வாயுவில் ஆறில் ஒரு பங்கு எங்கேயும் போகாமல் வட்டமடிக்கிறது. அதற்கான ஆற்றலும் அப்படியே வீண்.

நிலையான வேக மோட்டாரில் ஓடும் இயந்திரத்துக்கு இது சரிதானே, அங்கே சர்ஜ் கோடு ஒரே புள்ளிதானே என்று கேட்கலாம். ஏறக்குறைய சரி. ஆனால் பெரும்பாலான இடங்களில் செட்பாயிண்ட் கன ஓட்டமாக இருப்பதில்லை. ஓரிஃபிஸ் வேறுபாட்டையே, அல்லது அதன் வர்க்கமூலத்தையே செட்பாயிண்டாக வைத்திருப்பார்கள். 100க்கு 21% கூட்டி 121 மில்லிபார். சக்ஷன் அழுத்தம் 25 பாராக ஏறினால் என்ன ஆகும்? வாயு அடர்த்தி கால் பங்கு கூடுகிறது, அதே 6000 கனமீட்டருக்கு இப்போது 125 மில்லிபார். கண்ட்ரோலர் 121ஐத் தொடும் வரை வால்வைத் திறக்காது. இயந்திரம் 125லேயே சர்ஜ் ஆகிவிடும். குறைந்தபட்ச ஓட்டம் போட்டால் வீண்செலவு இருக்கும், பாதுகாப்புக்குக் குறைவில்லை என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். வேறுபாட்டைச் சக்ஷன் அழுத்தத்தால் வகுத்து அதற்குச் செட்பாயிண்ட் வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். அப்படிச் செய்தால் நாம் ஏற்கெனவே நான்காம் வழிக்குள் பாதி நுழைந்துவிட்டோம்.

இரண்டாம் வழி: தயாரிப்பாளர் மேப்பை அப்படியே எடுப்பது

கிடைமட்ட அச்சில் கன ஓட்டம், செங்குத்து அச்சில் டிஸ்சார்ஜ் அழுத்தம். கையில் வரும் மேப் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நம் இயந்திரத்தில் இரண்டு புள்ளிகள்: 50 பாரில் 6000, 36.9 பாரில் 4800. இரண்டையும் இணைத்தால் ஒரு பாருக்குச் சுமார் 92 கனமீட்டர் சரிவுள்ள கோடு. பார்க்க நன்றாக இருக்கும்.

மேப்பின் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: சக்ஷன் 20 பார், இன்ன வெப்பநிலை, மூலக்கூறு எடை 20. இந்தக் கோடு அந்த ஒரு நிலைக்கு மட்டும்தான் உண்மை.

தொடக்கத்தில் சொன்ன காட்சியை இப்போது எண்களில் பார்க்கலாம். வேகம் 100%, வாயு அதே, சக்ஷன் அழுத்தம் மட்டும் 20லிருந்து 15 பாருக்கு இறங்குகிறது. இம்பெல்லருக்கு அழுத்தம் எவ்வளவு என்பது தெரியாது. அது பார்ப்பது கன ஓட்டமும் ஹெட்டும்தான். எனவே சர்ஜ் அதே 6000 கனமீட்டரில், அதே 2.5 விகிதத்தில் நிகழும். டிஸ்சார்ஜ் அப்போது 37.5 பார். மேப்பில் 37.5 பாருக்கு எதிரே கோடு காட்டுவது சுமார் 4855 கனமீட்டர். 10% சேர்த்தால் கண்ட்ரோல் கோடு 5340. இயந்திரம் உண்மையில் சர்ஜில் நிற்கும்போது திரையில் புள்ளி 6000த்தில், சர்ஜ் கோட்டுக்கு 24% வலப்பக்கத்தில் இருக்கிறது. வால்வு மூடியே இருக்கும். அந்த ஆலையில் நடந்தது இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, சொல்லாமல் போக மனம் வரவில்லை. அங்கே ஓட்ட அளவீட்டுக்கு அழுத்தம், வெப்பநிலை இரண்டுக்கும் முறையாகத் திருத்தம் போட்டிருந்தார்கள். அந்தத் திருத்தம் இல்லாமல் இருந்திருந்தால் பாதி தப்பித்திருப்பார்கள். திருத்தாத கண்ட்ரோலர் ஓரிஃபிஸில் 75 மில்லிபாரைப் பார்த்து, பழைய அடர்த்தியை வைத்து 5196 கனமீட்டர் என்று கணக்கிட்டிருக்கும். அது 5340க்குக் கீழே. சர்ஜுக்குச் சற்று முன்னாலேயே, ஓட்டத்தில் 3% கூட இல்லாத இடைவெளியில் என்றாலும், வால்வு திறக்கத் தொடங்கியிருக்கும். ஒரு அச்சை மட்டும் துல்லியமாக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டால், ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டிருந்த இரண்டு பிழைகளில் ஒன்று போய் மற்றது தனியாக நிற்கும். ‘அளவீட்டை மேம்படுத்தினோம், அதற்கப்புறம்தான் சர்ஜ் வந்தது’ என்று குழம்பி நிற்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

வாயு மாறினாலும் இதே கதை. மூலக்கூறு எடை 20லிருந்து 17க்குக் குறைந்தால், அதே ஹெட்டுக்கு அழுத்த விகிதம் சுமார் 2.21தான் கிடைக்கும், டிஸ்சார்ஜ் 44.2 பார். கோடு 5470 என்று காட்டும், கண்ட்ரோல் கோடு 6016. சர்ஜ் 6000த்தில். பத்து விழுக்காடு மார்ஜின் காணாமல் போய்விட்டது.

சக்ஷன் அழுத்தம் உண்மையிலேயே மாறாத, ஒரே வாயுவில் ஓடும் இயந்திரத்துக்கு இந்த வழி வேலை செய்யும். வளிமண்டலக் காற்றை இழுக்கும் ஏர் கம்ப்ரஸர் ஓரளவுக்கு அப்படி. ஆனால் அங்கேயும் வெப்பநிலை பகலுக்கும் இரவுக்கும், பருவத்துக்குப் பருவம் மாறும்.

மூன்றாம் வழி: ஓரிஃபிஸ் வேறுபாட்டுக்கு எதிரே கம்ப்ரஸர் வேறுபாடு

இது பழைய நியூமேட்டிக் கருவிகளின் காலத்து முறை. ஒரு டிரான்ஸ்மிட்டர் ஓரிஃபிஸின் குறுக்கே, இன்னொன்று கம்ப்ரஸரின் குறுக்கே. இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்கோடு. வர்க்கமூலம் வேண்டாம், வகுத்தலும் வேண்டாம்.

நம் இயந்திரத்தின் இரண்டு புள்ளிகள்: கம்ப்ரஸர் வேறுபாடு 30 பாருக்கு 100 மில்லிபார், 16.9 பாருக்கு 64 மில்லிபார். ஓரிஃபிஸ் வேறுபாட்டை dPo, டிஸ்சார்ஜ் அழுத்தத்தை Pd, சக்ஷன் அழுத்தத்தை Ps என்று எழுதினால் சர்ஜ் கோடு இப்படி வரும்:

```
dPo = 17.5 + 2.75 * (Pd - Ps)      dPo: mbar,  Pd, Ps: bar
```

இந்த முறையைப் பழையது, வாயு மாறினால் கைவிட்டுவிடும் என்று ஒதுக்குவார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மூலக்கூறு எடையை 17 ஆக்குங்கள். சர்ஜ் புள்ளியில் அடர்த்தி குறைந்து ஓரிஃபிஸ் 85 மில்லிபார் காட்டும். கம்ப்ரஸர் வேறுபாடு 24.2 பார். கோடு சொல்வது 84. ஒரு மில்லிபார் பிழை! வாயு லேசானால் ஓட்ட அளவீடும் அழுத்தமும் சேர்ந்தே இறங்குகின்றன, புள்ளி கோட்டின் மேலேயே நகர்கிறது. அதே கணக்கில் வெப்பநிலை மாற்றமும் அடங்கிவிடும்.

பிழை வருவது சக்ஷன் அழுத்தம் மாறும்போது, அதுவும் கோட்டின் 17.5 என்ற நிலை எண்ணால். 15 பாரில் உண்மையான சர்ஜ் 75 மில்லிபாரில். கோடு 79 என்கிறது, கொஞ்சம் முன்கூட்டியே திறக்கும், அவ்வளவுதான். 25 பாரில் உண்மை 125, கோடு 120.6. ஓட்டத்தில் ஏறக்குறைய 2% மார்ஜினைத் தின்கிறது. சக்ஷன் இரு மடங்காகி 40 பாரானால்கூட இழப்பு சுமார் 4.5%தான். இரண்டாம் வழி 15 பாரிலேயே முழுசாகக் கவிழ்ந்ததை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு உறுதியான முறை என்று தெரியும். அந்தக் காலத்து ஆட்கள் காரணமில்லாமல் இதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

நான்காம் வழி: சக்ஷன் அழுத்தத்தால் வகுத்த அச்சுகள்

மூன்றாம் வழியின் இரண்டு பக்கத்தையும் சக்ஷன் அழுத்தத்தால் வகுத்துவிட்டால் இது கிடைத்துவிடும். இங்கே dPo-வும் பாரில்.

```
x  = dPo / Ps
Rc = Pd / Ps
```

கன ஓட்டத்தின் வர்க்கத்தில் வாயுவின் வெப்பநிலை, மூலக்கூறு எடை, அமுக்கக் காரணி மூன்றும் ஒரு தொகுதியாக வரும். பாலிட்ரோபிக் ஹெட்டிலும் அதே தொகுதி வரும். இரண்டையும் அந்தத் தொகுதியால் வகுத்தால் ஒரு பக்கம் `dPo/Ps` மிஞ்சும், மறுபக்கம் அழுத்த விகிதத்தை மட்டுமே சார்ந்த ஓர் எண் மிஞ்சும். எளிதில் அளக்க முடியாத மூலக்கூறு எடையை அளக்கவே தேவையில்லை. நம் இயந்திரத்தில் சர்ஜ் புள்ளிகள்: விகிதம் 2.5க்கு 0.0050, 1.84க்கு 0.0032. 15 பாரில் 0.075 பாரை 15ஆல் வகுத்தால் அதே 0.0050. 25 பாரிலும் அதே. கோடு நகரவே இல்லை. நடுவில் நான்கைந்து புள்ளிகள் சேர்த்து வளைகோடாகவும் வரையலாம். மூன்றாம் வழியின் நேர்கோட்டுக்குத் தேவைப்பட்ட நிலை எண் இங்கே வேண்டாம்.

மூன்று டிரான்ஸ்மிட்டர் வேண்டும் என்பதால் ஒன்று தவறாகக் காட்டினால் என்ன என்று கவலை வருவது இயல்பு. சக்ஷன் டிரான்ஸ்மிட்டர் நகர்ந்துபோய் 20க்குப் பதில் 18 காட்டுகிறது என்று வையுங்கள். சர்ஜ் புள்ளியில் `x` 0.00556 ஆகத் தெரியும். விகிதமும் 2.78 ஆகத் தெரியும், அங்கே கோடு சுமார் 0.00566. பிழை இரண்டு அச்சிலும் ஒரே திசையில் போவதால் புள்ளி கோட்டோரமாகவே நகர்ந்து, கடைசியில் ஓட்டத்தில் 1% வித்தியாசம்தான் மிஞ்சுகிறது. மெதுவாக நகரும் பிழையை இந்த முறை நன்றாகவே பொறுத்துக்கொள்ளும். டிரான்ஸ்மிட்டர் முழுசாகச் செத்துப்போனால் மட்டும் மாற்று ஏற்பாடு வேண்டும். அந்த நேரத்துக்கு மட்டும் முதல் வழியின் குறைந்தபட்ச ஓட்டத்துக்குத் தாவச் செய்வது நல்ல ஏற்பாடு, சக்ஷன் எட்டக்கூடிய மிக உயர்ந்த அழுத்தத்துக்கு அந்த எண்ணைக் கணக்கிட்டிருந்தால்.

பொறுக்காதது ஒன்று உண்டு: கேஜ் அழுத்தத்தை அப்சல்யூட்டாக மாற்ற மறப்பது. 20 பாரில் இது சின்னப் பிழை. சக்ஷன் 1.5 பாராக இருக்கும் இயந்திரத்தில் கேஜ் 0.5 காட்டும், டிஸ்சார்ஜ் 3.75க்குப் பதில் 2.75. உண்மை விகிதம் 2.5, கண்ட்ரோலர் பார்ப்பது 5.5. `x` மூன்று மடங்காகிவிடும். கோட்டை அவ்வளவு தூரம் நீட்டினாலும் அங்கே `x` சுமார் இரு மடங்குதான், புள்ளி கண்ட்ரோல் கோட்டையும் தாண்டி வலப்பக்கம் நிற்கும். போதாக்குறைக்கு, கோட்டின் அட்டவணை 3 விகிதத்தோடு முடிந்து, அதற்கு மேலே கடைசி எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். சர்ஜ் வரும்போது வால்வு மூடியிருக்கும். திரையில் அழுத்த விகிதம் தயாரிப்பாளர் மேப்பில் இல்லாத எண்ணாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று, ஓரிஃபிஸ் டிஸ்சார்ஜ் பக்கம் இருந்தால் அந்த வேறுபாட்டை நேராகப் போடக் கூடாது. சக்ஷன் நிலைக்கு மாற்ற வேண்டும், அதற்கு வெப்பநிலை இரண்டும் கெல்வினில் தேவைப்படும்:

```
dPo_s = dPo_d * (Pd/Ps) * (Ts/Td)
```

இந்த வழிக்கும் எல்லை உண்டு. வாயுவின் வெப்ப விகித எண் பெரிதாக மாறினால் கோடு கொஞ்சம் நகரும். பல இம்பெல்லர்கள் கொண்ட இயந்திரத்தில், கனமான வாயுவும் அதிக வேகமும் சேரும்போது, ஃபேன் விதிகளிலிருந்து விலகல் கூடும். இன்லெட் கைட் வேன் இருந்தால் அதன் நிலைக்கு ஏற்ப வேறு வேறு கோடுகள் வேண்டும். ஆனால் இந்த எல்லைகள் மூன்றாம் வழிக்கும் அப்படியே பொருந்தும். நான்காவதை விட்டு மூன்றாவதுக்குப் போக இவை காரணமாகா.

என் தேர்வு

புதிதாகக் கட்டும் எந்தக் கண்ட்ரோலருக்கும் நான்காம் வழிதான். இரண்டு வகுத்தல் கூடுதலாகச் செய்வதற்கு இன்று செலவு ஒன்றுமில்லை. நிலையான வேகத்தில் ஓடும் சின்ன இயந்திரத்துக்கு, `dPo/Ps` ஒன்றுக்கே ஒரு நிலையான செட்பாயிண்ட் வைத்தால் போதும், மேப் தேவையில்லை. மூன்றாம் வழியில் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரத்தைக் கோட்டுக்காக மட்டும் மாற்றச் சொல்ல மாட்டேன். சக்ஷன் அழுத்தம் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, மார்ஜினில் இரண்டு மூன்று விழுக்காடு கூட்டிவிட்டால் போதும். இரண்டாம் வழியில் இருப்பவர்கள் மட்டும் அடுத்த ஷட்டவுனுக்குக் காத்திருக்கக் கூடாது.

சரி, கோடு சரியான இடத்தில் இருக்கிறது. 10% மார்ஜின் போதுமா என்பது வால்வைப் பொறுத்தது. ஆலையின் தேவை மெதுவாகக் குறைந்து, கம்ப்ரஸர் ஓட்டம் நொடிக்குச் சர்ஜ் ஓட்டத்தின் 5% வீதம் இறங்குகிறது என்று வைப்போம். கண்ட்ரோல் கோட்டிலிருந்து சர்ஜ் கோட்டுக்கு 2 நொடி. டிரான்ஸ்மிட்டர், கண்ட்ரோலர், வால்வின் தொடக்கத் தாமதம் எல்லாம் சேர்த்து அரை நொடி போனாலும் நேரம் மிச்சம். முழுத் திறப்பை 2 நொடிக்குள் முடிக்கும் வால்வு இதைச் சுலபமாகப் பிடித்துவிடும். டவுன்ஸ்ட்ரீம் வால்வு ஒன்று திடீரென மூடி, ஓட்டம் நொடிக்கு 50% வீதம் விழுந்தால் இருப்பது 0.2 நொடி. எந்த விகித-ஒருங்கிணைப்புக் கண்ட்ரோலும் இதைப் பிடிக்காது. அதற்காகத்தான் இரண்டு கோட்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கோடு வைத்து, அதைத் தொட்டதும் டியூனிங்கைப் பார்க்காமல் வால்வை ஒரு படி திறக்கச் செய்வது. அந்த டவுன்ஸ்ட்ரீம் வால்வின் மூடும் கட்டளையையே ஆன்டி-சர்ஜ் வால்வுக்கு முன்கூட்டியே அனுப்பிவிட முடிந்தால் இன்னும் நல்லது.

வால்வின் கொள்ளளவு, உச்ச வேகத்தில் சர்ஜ் ஓட்டத்தைக் கடத்தத் தேவையானதைப் போல 1.8 முதல் 2.2 மடங்கு வரை இருக்குமாறு தேர்வு செய்வது வழக்கம். மெதுவாக மூட வேண்டும், வேகமாகத் திறக்க வேண்டும், காற்றோ சிக்னலோ போனால் தானாகத் திறந்துகொள்ள வேண்டும்.

டிரிப்பின்போது நிலைமை வேறு. பல இயந்திரங்களில் முதல் நொடியிலேயே வேகத்தில் கால் பங்கு குறைந்துவிடும். ஹெட் அதன் வர்க்கத்தில் விழும். டிஸ்சார்ஜுக்கும் செக் வால்வுக்கும் நடுவே ஒரு பெரிய கூலரும் நீண்ட குழாயும் இருந்தால், அங்கே அடைபட்ட அழுத்தம் அவ்வளவு வேகமாக இறங்காது. கூலருக்குப் பின்னாலிருந்து எடுக்கும் ஒற்றை ஆன்டி-சர்ஜ் வால்வு அங்கே போதாமல் போகலாம். கம்ப்ரஸர் வாயிலுக்குப் பக்கத்திலேயே, டிரிப்புக்கு மட்டும் திறக்கும் ஒரு ஹாட் பைபாஸ் வால்வு தேவைப்படுமா என்பதை டைனமிக் சிமுலேஷன் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கோட்டை எங்கே வரைந்தாலும் இந்தப் பிரச்சினை தீராது.

கடைசியில், எந்த வழியானாலும் கோட்டை இயந்திரத்திடமே சரிபார்க்க வேண்டும். நிலையான வேகத்தில் ஆன்டி-சர்ஜ் வால்வை மேனுவலில் எடுத்து, ஒரு நேரத்தில் ஒரு விழுக்காடு வீதம் மூடிக்கொண்டே போவார்கள். ஓரிஃபிஸ் வேறுபாடு திடீரெனச் சரியும் கணத்தில் வால்வை முழுசாகத் திறந்துவிட வேண்டும், சரிவதற்குச் சற்று முந்தைய `x`, `Rc` மதிப்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று வேகங்களில் இதைச் செய்தால் கோடு வந்துவிடும். அழுத்தம் அதிகமான, ஆற்றல் பெரிய இயந்திரத்தில் தயாரிப்பாளர் ஆள் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. சோதனைக்கு முன் ஓட்ட டிரான்ஸ்மிட்டரின் டேம்பிங்கைப் பாருங்கள். 2 நொடியில் வைத்திருந்தால் அந்தச் சரிவு திரையில் ஒரு மெல்லிய வளைவாகத்தான் தெரியும், கண்ட்ரோலருக்கும் அப்படித்தான் தெரியும். அதை 0.1 நொடிக்கு இறக்கி வையுங்கள். ஆலைத் தரவைப் பதிந்துவைக்கும் ஹிஸ்டோரியன் நொடிக்கு ஒருமுறைதான் எழுதுகிறதென்றால், சோதனைக்கு வேறு வேகப் பதிவுக் கருவி கொண்டுவர வேண்டும். நொடிக்கு ஒரு புள்ளி வீதம் பார்த்தால், சர்ஜ் நடந்ததற்குச் சாட்சியாகச் சக்ஷன் வெப்பநிலையில் ஒரு சின்ன ஏற்றம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.